எடுக்காமல் விட்ட கம்பெனிக்கே மறுபடி விண்ணப்பம்: ரெஸ்யூமில் எது மாறணும், எது மாறக்கூடாது

கேள்வி: அண்ணா, எனக்கு ஊர் சத்தியவேடு. டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு மெஷின் ஷாப்பில் இரண்டரை வருஷமாக குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருக்கிறேன். போன வருஷம் ஸ்ரீசிட்டியில் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியில் குவாலிட்டி இன்ஜினியர் வேலைக்கு இன்டர்வியூ வரை போய் ரிஜெக்ட் ஆகிவிட்டது. கேஜ் ஆர் அண்ட் ஆர் பற்றிக் கேட்டார்கள், நான் காலிபரேஷன் பற்றிச் சொன்னேன், அதோடு பேச்சு முடிந்தது. பதினோரு மாதம் கழித்து இப்போது அதே வேலைக்கு மறுபடி ஆள் கேட்கிறார்கள். திரும்பப் போடலாமா? ரெஸ்யூமில் எதை மாற்றணும்? வேறு மெயில் ஐடியில் போட்டால் பழையது தெரியாமல் இருக்குமா?

பதில்:

போடலாம். சில கம்பெனிகள் ஆறு மாதம், சில கம்பெனிகள் ஒரு வருஷம் என்று இடைவெளி வைத்திருக்கும். அவர்களுடைய வேலைவாய்ப்புப் பக்கத்திலோ உங்களுக்கு வந்த ரிஜெக்ஷன் மெயிலின் அடியிலோ அந்தக் கணக்கு எழுதியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். எழுதவில்லை என்றால் பதினோரு மாதம் தாராளம். ஆனால் வேறு மெயில் ஐடி மட்டும் வேண்டாம்.

நான் தடா, சூலூர்பேட்டை பக்கத்துத் தொழிற்சாலைகளில் பதினேழு வருஷமாக குவாலிட்டியில் இருக்கிறேன். கடைசி ஆறேழு வருஷமாக இன்டர்வியூ பேனலிலும் உட்காருகிறேன். முன்பு வந்துபோன ஒருவர் மறுபடி விண்ணப்பித்தால் எங்கள் எச்.ஆர். என் கையில் இரண்டு தாள் கொடுப்பார்: போன தடவை அனுப்பிய ரெஸ்யூம், இந்தத் தடவை அனுப்பியது. விண்ணப்பங்களைச் சேர்த்துவைக்கும் சாஃப்ட்வேரில் எந்தத் தேதியில் போட்டார், எந்த ரவுண்டு வரை வந்தார் என்பதோடு, ஏன் எடுக்கவில்லை என்று ஒரு வரியும் இருக்கும். அந்த ஒரு வரியை பேனலில் இருந்தவர்தான் எழுதியிருப்பார். எம்.எஸ்.ஏ. என்பது அளக்கும் முறையையே சோதித்துப் பார்ப்பது, கேஜ் ஆர் அண்ட் ஆர் அதில் ஒரு ஸ்டடி. நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் உங்கள் பெயருக்கு எதிரே ஏறக்குறைய இப்படி இருக்கும்: "அளவெடுப்பதில் சரி, எம்.எஸ்.ஏ. தெரியவில்லை, இன்ஸ்பெக்டர் அளவில்தான் இருக்கிறார்."

அதனால் உங்கள் புது ரெஸ்யூமை யாரும் தனியாகப் படிக்கப்போவதில்லை. பழைய ரெஸ்யூமையும் அந்த ஒரு வரியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிப்பார்கள். "அந்த வரி இன்றைக்கும் உண்மையா?" என்பதுதான் படிப்பவர் மனதில் இருக்கும் கேள்வி. அதற்கு ரெஸ்யூம் பதில் சொல்ல வேண்டும். மற்றபடி பழைய தாளில் இருந்த உண்மைகள் எதுவும் நகரக்கூடாது.

நகரக்கூடாததை முதலில் பார்ப்போம். மறுபடி விண்ணப்பிப்பவர்களில் நான் பார்த்த பலர் தடுமாறியது அங்கேதான்.

சில வருஷம் முன்பு ஒருவர் எங்களிடம் இரண்டாம் முறை விண்ணப்பித்தார். ரெஸ்யூம் நன்றாக மெருகேறியிருந்தது. ஆனால் பழையதில் ஜூன் மாதம் சேர்ந்ததாக இருந்த வேலை, புதியதில் பிப்ரவரியில் சேர்ந்ததாக இருந்தது. நாங்கள் குறைந்தது மூன்று வருஷ அனுபவம் கேட்டிருந்தோம், அவருக்கு நான்கு மாதம் குறைந்தது. அதற்காகச் சேர்ந்த தேதியை முன்னதாக மாற்றியிருந்தார். இரண்டு தாளையும் பார்த்த உடனே அது தெரிந்துவிட்டது. தெரியாமல் போயிருந்தாலும் சேருவதற்கு முன் பி.எஃப். சர்வீஸ் ஹிஸ்டரி கேட்போம். உங்கள் யு.ஏ.என். எண்ணில் ஒவ்வொரு வேலையிலும் சேர்ந்த தேதியும் விட்ட தேதியும் பதிவாகியிருக்கும். அந்த நான்கு மாதக் குறையை நேராகச் சொல்லியிருந்தால் நான் கூப்பிட்டிருப்பேன், வேலை நன்றாகத் தெரிந்த பையன். இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டில் ஒரு ரீடிங்கை மாற்றி எழுதுவதும் ரெஸ்யூமில் தேதியை மாற்றி எழுதுவதும் எங்களுக்கு ஒன்றுதான். குவாலிட்டிக்கு அப்படிப்பட்டவரை எடுக்க முடியாது.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிப்காட்டில் கான்ட்ராக்டர் மூலமாக வேலைக்கு எடுப்பது நிறைய. நீங்களும் அப்படிச் சேர்ந்திருந்தால் பி.எஃப். பாஸ்புக்கில் கம்பெனி பெயர் இருக்காது, கான்ட்ராக்டர் பெயர்தான் இருக்கும். ரெஸ்யூமில் கம்பெனி பெயரை மட்டும் எழுதினால் சரிபார்ப்பில் இரண்டும் ஒட்டாது. போன தடவை அப்படி எழுதியிருந்தாலும் இந்தத் தடவை "இன்ன கான்ட்ராக்டர் வழியாக, வேலை செய்த இடம் இன்ன கம்பெனி" என்று சரியாக எழுதிவிடுங்கள். உண்மையை மறைக்க மாற்றுவது வேறு, விளக்கமாக எழுத மாற்றுவது வேறு. கேட்டால் "போன தடவை தெளிவாக எழுதவில்லை, அதனால் இப்போது பிரித்து எழுதினேன்" என்று சொல்லலாம். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

எல்லைப் பகுதி ஆட்களுக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. ஆந்திரப் பள்ளிச் சான்றிதழில் வீட்டுப் பெயர் முன்னால் வந்திருக்கும். தமிழ்நாட்டில் வேலைக்குச் சேரும்போது இங்கே வழக்கப்படி இனிஷியலைப் போட்டு எழுதியிருப்பார்கள். ஆதாரில் ஒரு பெயர், பி.எஃப்.பில் ஒரு பெயர், ரெஸ்யூமில் மூன்றாவதாக ஒரு பெயர் என்று ஆகிவிடும். போன தடவை எந்தப் பெயரில் விண்ணப்பித்தீர்களோ அதே பெயரில் போடுங்கள். அது ஆதாரோடு ஒட்டவில்லை என்றால் ஆதாரில் உள்ளபடி மாற்றிவிட்டு, விண்ணப்ப மெயிலில் பழைய பெயரை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். மாவட்டமும் அப்படித்தான். சத்தியவேடு 2022 வரை சித்தூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம். பழைய ஆவணத்தில் சித்தூர் என்று இருந்தால் பரவாயில்லை, ரெஸ்யூமில் இப்போதைய மாவட்டத்தை எழுதுங்கள்.

முகவரியைப் பற்றிச் சொல்லும்போதே இன்னொன்று. கும்மிடிப்பூண்டியில் வேலை செய்வதால் பலர் ஹாஸ்டல் முகவரியை மட்டும் போட்டுவிடுகிறார்கள். நிரந்தர முகவரி சத்தியவேடு என்பதைத் தெளிவாக எழுதுங்கள். 2019-ல் ஆந்திர அரசு தொழிற்சாலை வேலைகளில் 75 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கு என்று சட்டம் கொண்டுவந்த பிறகு இந்தப் பக்கத்து எச்.ஆர்.கள் முகவரியைக் கவனித்துப் பார்க்கிறார்கள். அதோடு கம்பெனி பஸ் வரும் தூரத்தில் இருப்பவர் சீக்கிரம் வேலையை விட்டுப் போகமாட்டார் என்ற கணக்கும் அவர்களுக்கு உண்டு. தெலுங்கு பேசுவீர்கள் என்றால் அதையும் எழுதுங்கள். வரதையாபாளையத்திலிருந்து வரும் ஆபரேட்டரிடம் ஒரு பார்ட் ஏன் ஓகே இல்லை என்று அவர் மொழியில் விளக்கத் தெரிந்த இன்ஜினியர் எங்களுக்கு வேண்டும்.

சரி, இனி மாற வேண்டியது.

இன்ஸ்பெக்டர் வேலைக்கும் குவாலிட்டி இன்ஜினியர் வேலைக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் பழைய ரெஸ்யூமில் தெரிந்திருக்காது என்பது என் ஊகம். இன்ஸ்பெக்டர் தப்பைப் பிடிக்கிறவர். இன்ஜினியர் அது ஏன் வந்தது என்று கண்டுபிடித்து, மறுபடி வராமல் பார்த்துக்கொள்கிறவர். இன்ஸ்பெக்டர்களின் ரெஸ்யூமில் பெரும்பாலும் கருவிகளின் பெயர்ப் பட்டியல்தான் இருக்கும்: வெர்னியர், மைக்ரோமீட்டர், ஹைட் கேஜ், போர் டயல் கேஜ், ப்ளக் கேஜ். அவற்றோடு "இன்கமிங், இன்ப்ராசஸ், ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் செய்தேன்" என்று ஒரு வரி. அதைப் படிக்கிறவருக்கு நீங்கள் நல்ல இன்ஸ்பெக்டர் என்று தெரியும், அதற்கு மேல் எதுவும் தெரியாது.

இரண்டாம் தடவையில் நாங்கள் எடுத்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஆரம்பாக்கத்துப் பையன், பிரஸ் ஷாப்பில் இன்ஸ்பெக்டராக இருந்தார். முதல் தடவை வந்தபோது, "ரிஜெக்ஷன் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். "தனியாகப் பிரித்து, சிவப்பு டேக் போட்டு, சூப்பர்வைசரிடம் சொல்வேன்" என்றார். "அதற்கப்புறம்?" என்றேன். அதற்கப்புறம் என்பது அவர் வேலையாக அப்போது இருக்கவில்லை. நான் எழுதிய வரி: "காரணம் தேடிய அனுபவம் இல்லை."

பதினான்கு மாதம் கழித்து வந்தார். பழைய தாளில் "ஷீட் மெட்டல் பார்ட்டுகளில் இன்ப்ராசஸ் இன்ஸ்பெக்ஷன் செய்தேன்" என்று இருந்த இடத்தில் புதிய தாளில் மூன்று வரி இருந்தது. அதன் சாரம் இது: 2 மில்லிமீட்டர் தகட்டில் அடிக்கும் ஒரு பிராக்கெட்டில் பர், அதாவது வெட்டு விளிம்பில் நிற்கும் பிசிறு, டிராயிங் அனுமதித்த 0.2 மில்லிமீட்டரைத் தாண்டி அடிக்கடி கஸ்டமரிடமிருந்து திரும்பி வந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பர் உயரத்தை அளந்து, அப்போது தகட்டை வெட்டும் டை எத்தனை அடி அடித்திருக்கிறது என்பதையும் பக்கத்தில் குறித்துவந்தார். ஏறக்குறைய 40,000 அடியில் பர் எல்லையைத் தாண்டுவது தெரிந்தது. அதுவரை புகார் வந்தால்தான் டையை கிரைண்டிங்குக்கு அனுப்புவார்கள். அதை மாற்றி 35,000 அடிக்கு ஒருமுறை அனுப்ப டூல் ரூமோடு பேசி ஏற்பாடு செய்தார். அடுத்த ஐந்து மாதத்தில் அந்தப் புகார் வரவில்லை.

நான் முன்பு எழுதிய வரி அந்த மூன்று வரியோடு செத்துவிட்டது. அவர் "ரூட் காஸ் அனாலிசிஸ் தெரியும்" என்று எழுதவில்லை. அந்த வார்த்தையே தாளில் இல்லை. ஆனால் எங்கே தொடங்கி, எதை அளந்து, எதோடு ஒப்பிட்டு, என்ன மாற்றினார் என்பது இருந்தது. பஞ்ச்சும் டையும் மழுங்க மழுங்கப் பர் உயரும் என்பது பிரஸ் ஷாப்பில் எல்லோருக்கும் தெரியும். எத்தனையாவது அடியில் உயருகிறது என்று உட்கார்ந்து குறித்தவர் அவர். இன்டர்வியூவில் நாற்பது நிமிஷமும் அதைப் பற்றியே பேசினோம். "ஏன் 35,000? ஏன் 38,000 இல்லை?" என்று கேட்டேன். "தகடு லாட்டுக்கு லாட்டு கடினம் மாறும் சார், அதற்கு இடம் விட்டேன்" என்றார். உண்மையாகச் செய்தவரால்தான் அப்படிப் பதில் சொல்ல முடியும்.

இப்போது உங்கள் கேஜ் ஆர் அண்ட் ஆர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்குத் தேவையான வரி ஏற்கெனவே உங்கள் ஷாப்பில் இருக்கலாம்.

காலிபரேஷன் என்பது கருவி சரியாகக் காட்டுகிறதா என்று ஸ்டாண்டர்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. ஸ்டிக்கர் ஒட்டி, அடுத்த தேதி போட்டுத் தருவார்கள். கேஜ் ஆர் அண்ட் ஆர் வேறு விஷயம். ஒரே பார்ட்டை, ஒரே கருவியில், வேறு வேறு ஆட்கள் திரும்பத் திரும்ப அளந்தால் ரீடிங் எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பது. வழக்கமாக 10 பார்ட் எடுத்து நம்பர் போடுவார்கள். 3 பேர், ஒவ்வொருவரும் ஒவ்வொரு பார்ட்டையும் 2 அல்லது 3 தடவை, வரிசையைக் கலைத்து, முந்தைய ரீடிங்கைப் பார்க்காமல் அளப்பார்கள். கணக்கில் வரும் சதவீதம் 10-க்குக் கீழே இருந்தால் அளக்கும் முறை நன்றாக இருக்கிறது. 10 முதல் 30 வரை என்றால் பார்ட்டின் முக்கியத்துவத்தைப் பொறுத்து ஏற்கலாம். 30-ஐத் தாண்டினால் அந்த அளவை நம்பி ஓகே, ரிஜெக்ட் என்று முடிவெடுக்கக்கூடாது.

ஸ்டிக்கர் ஒட்டிய, காலிபரேஷன் முடிந்த போர் டயல் கேஜிலேயே 30-க்கு மேல் வரும். துளைக்குள் விட்டு லேசாக ஆட்டி, முள் திரும்பும் இடத்தில் உள்ள குறைந்த ரீடிங்கை எடுக்க வேண்டும். ஒருவர் ஆட்டுவார், ஒருவர் நேராக விட்டு அப்படியே படிப்பார். கருவியில் குறை இல்லை, பிடிக்கும் விதத்தில்தான் வித்தியாசம். நீங்கள் காலிபரேஷன் என்று பதில் சொன்னபோது, இந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியவில்லை என்று பேனல் எடுத்துக்கொண்டது. அதோடு பேச்சு முடிந்ததற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

இப்போது ஒன்றை யோசித்துப் பாருங்கள். இந்த ஸ்டடியில் அளக்கும் 3 பேர் யாராக இருக்க வேண்டும்? அந்தக் கருவியைத் தினமும் பயன்படுத்துகிறவர்களாக இருக்க வேண்டும். மெஷின் ஷாப்பில் அது இன்ஸ்பெக்டர்தான். ஆட்டோ கஸ்டமருக்குப் புது பார்ட் கொடுக்கும்போது ஒப்புதலுக்காக அனுப்பும் பி.பி.ஏ.பி. ஃபைலில் எம்.எஸ்.ஏ. ஸ்டடியும் சேர்த்து அனுப்ப வேண்டும். இரண்டரை வருஷத்தில் உங்கள் ஷாப்பில் குறைந்தது ஒன்றிரண்டாவது நடந்திருக்கும். "இந்தப் பத்து பார்ட்டையும் அளந்து இந்தத் தாளில் எழுதிக் கொடுமா" என்று உங்கள் இன்ஜினியர் எப்போதாவது கேட்டாரா? கேட்டிருந்தால் அதுதான் கேஜ் ஆர் அண்ட் ஆர். நீங்களே அந்த ஸ்டடியில் அளந்தவர், பெயர் மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறீர்கள். இன்ஸ்பெக்டர்களிடம் இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்களிடம் முடிவைச் சொல்லாமலே தாளை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

அப்படி நடந்திருந்தால் உங்கள் இன்ஜினியரிடம் போய் அந்த ஸ்டடியின் முடிவு எவ்வளவு வந்தது, அதற்கப்புறம் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். எக்செல் ஷீட்டில் ஒருமுறை நீங்களே ரீடிங்குகளைப் போட்டுப் பாருங்கள். சதவீதத்தில் எந்தப் பங்கு கருவியால் வருகிறது, எந்தப் பங்கு ஆட்களால் வருகிறது என்று பிரித்துக் காட்டும். ஒருவரே திரும்ப அளக்கும்போது மாறினால் அது கருவிப் பக்கம். ஆளுக்கு ஆள் மாறினால் அது ஆட்கள் பக்கம். இது புரிந்துவிட்டால் போன தடவை கேட்ட கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கும்.

அப்புறம் ரெஸ்யூமில் எழுதுவது. செய்த அளவுக்கு மட்டும் எழுதுங்கள். ஒரு உதாரணம் தருகிறேன். எண்கள் உங்களுடையதாக இருக்க வேண்டும், இதை அப்படியே எழுதாதீர்கள்: "போர் டயல் கேஜ் ஆர் அண்ட் ஆர் ஸ்டடியில் அளந்த 3 பேரில் ஒருவர். முதல் முடிவு 34 சதவீதம், வித்தியாசம் பெரும்பாலும் ஆட்களுக்கு இடையே. ஷிஃப்ட் தொடக்கத்தில் மாஸ்டர் ரிங்கில் ஜீரோ செய்வது, ஆட்டி அளப்பது என்று ஒரே முறையை எழுதி மூவருக்கும் காட்டிய பிறகு மறு ஸ்டடியில் 16 சதவீதம்." அளந்தது மட்டும் நீங்கள், முறையை எழுதியது இன்ஜினியர் என்றால் "இன்ஜினியர் எழுதிய முறையைப் பின்பற்றி மறுபடி அளந்தேன்" என்று எழுதுங்கள். ஒரு வார்த்தை கூட்டிவிட்டால் மூன்றாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். குறைவாக இருந்தாலும் உண்மையாக இருப்பதைக் கேட்க எங்களுக்குப் பொறுமை உண்டு.

எழுதும்போது கஸ்டமர் பெயர், பார்ட் நம்பர், டிராயிங் விவரம் எதையும் போடக்கூடாது. கும்மிடிப்பூண்டியிலிருந்தும் ஸ்ரீசிட்டியிலிருந்தும் ஒரே கஸ்டமருக்கு இரண்டு கம்பெனிகள் பார்ட் கொடுப்பது சாதாரணம். உங்கள் கம்பெனியின் ரிஜெக்ஷன் கணக்கைப் போட்டியாளரின் கையில் கொடுத்ததாகிவிடும். "ஒரு பிராக்கெட்", "ஒரு ஹவுசிங்" என்பதே போதும். ஸ்டடி ஷீட்டின் ஜெராக்ஸை இன்டர்வியூவுக்கு எடுத்துப்போக வேண்டாம். காட்டினால் நாளைக்கு எங்கள் ஷீட்டையும் வெளியே கொண்டுபோவீர்கள் என்றுதான் தோன்றும்.

இந்தப் புது வரிகளை வேலை அனுபவத்தின் முதல் இடத்தில் வையுங்கள். கருவிகளின் பட்டியல் கீழே ஒரே வரியில் இருந்தால் போதும். பெற்றோர் பெயர், மதம், திருமண நிலை, "கடின உழைப்பாளி" போன்றவை, கீழே போடும் உறுதிமொழி எல்லாம் இருந்தால் எடுத்துவிடுங்கள். அவற்றால் உங்களை ரிஜெக்ட் செய்திருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு பக்கத்துக்குள் புதிய விஷயம் கண்ணில் பட வேண்டும் என்றால் இடம் வேண்டும். முந்தைய ரிஜெக்ஷனைப் பற்றி ரெஸ்யூமில் ஒரு வார்த்தையும் வேண்டாம், அதற்கு இடம் மெயில்.

மெயிலை நான்கு வாக்கியத்தில் எழுதுங்கள். இன்ன மாதம் இதே பதவிக்கு டெக்னிக்கல் ரவுண்டு வரை வந்தேன். அப்போது எம்.எஸ்.ஏ. பற்றிய கேள்விக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு இன்ன கருவியில் இந்த ஸ்டடியில் வேலை செய்தேன், விவரம் ரெஸ்யூமில் முதல் பத்தியில் இருக்கிறது. மறுபடி ஒரு வாய்ப்பு தர வேண்டுகிறேன். இவ்வளவுதான். குறையை நீங்களே பெயர் சொல்லி எழுதினால் மதிப்பு குறையும் என்று பயப்படாதீர்கள். அந்த வரி அவர்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. அதை நீங்களும் பார்த்துவிட்டீர்கள் என்று தெரிவதுதான் நல்லது. விண்ணப்பப் படிவத்தில் "முன்பு எங்களிடம் விண்ணப்பித்ததுண்டா?" என்ற கேள்வி இருந்தால் ஆம் என்று போட்டு மாதத்தையும் எழுதுங்கள்.

மெயில் ஐடி விஷயமும் இதனால்தான். அந்த சாஃப்ட்வேர்கள் மெயிலையும் போன் நம்பரையும் வைத்து ஆளை அடையாளம் காணும். மெயிலை மாற்றி நம்பரை மாற்றாமல் விட்டால் ஒரே ஆள் இரண்டு பேராகப் பதிவாகியிருக்கிறார் என்று காட்டும். இரண்டையும் மாற்றினாலும் இன்டர்வியூவில் உட்காரப்போவது அதே பேனலாக இருக்கலாம், முகம் மறக்காது. பழைய கணக்கிலேயே உள்ளே நுழையுங்கள். அங்கே பலர் ஒரு தப்பு செய்கிறார்கள்: புதிய பி.டி.எஃப்.பை மட்டும் ஏற்றிவிட்டு, போன வருஷம் கையால் டைப் செய்த கட்டங்களை அப்படியே விட்டுவிடுகிறார்கள். எச்.ஆர். முதலில் வடிகட்டுவது அந்தக் கட்டங்களை வைத்துத்தான். அனுபவம் என்ற இடத்தில் ஒன்றரை வருஷம் என்றே இருந்தால் உங்கள் ரெஸ்யூமை யாரும் திறக்கவே மாட்டார்கள். இப்போதைய சம்பளம், நோட்டீஸ் காலம், திறன்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் புதுப்பியுங்கள்.

போன தடவை கன்சல்டன்சி மூலம் போயிருந்தால் முதலில் அவர்களிடம் பேசுங்கள். அவர்கள் அனுப்பிய ஆளை குறிப்பிட்ட காலத்துக்குள் எடுத்தால் அவர்களுக்குக் கட்டணம் தர வேண்டும் என்று ஒப்பந்தம் இருக்கும். அந்தக் காலம் முடிந்ததா என்று கேட்டுவிட்டு நேராகப் போடுங்கள். இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் போனால் யாருக்குக் கட்டணம் என்ற தகராறில் உங்கள் விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிடுவார்கள்.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதினோரு மாதத்தில் அந்த விஷயத்தில் எதுவும் மாறவில்லை, ஸ்டடி எதிலும் நீங்கள் இல்லை என்றால், வார்த்தைகளை மாற்றி அதே பதவிக்குப் போட வேண்டாம். இரண்டாம் தடவையும் அதே காரணத்துக்காக ரிஜெக்ட் ஆனால் மூன்றாவது தடவை தாளைத் திறக்க யாருக்கும் மனம் வராது. அதற்கு இரண்டு மூன்று மாதம் பொறுப்பது மேல். உங்கள் இன்ஜினியரிடம் அடுத்த ஸ்டடியில் அளக்கவும் கணக்குப் போடவும் உங்களைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவருக்கும் வேலை குறையும், மறுக்க மாட்டார். அதே கம்பெனியில் சீனியர் இன்ஸ்பெக்டர் இடம் இருந்தால் அதற்கு இப்போதே போடலாம். அதில் உங்களுக்கு எதிராக எழுதிய வரி எதுவும் இல்லை.

நாளைக்கு ஷிஃப்ட் முடிந்ததும் உங்கள் குவாலிட்டி ஆபீசில் எம்.எஸ்.ஏ. ஃபைலைக் கேட்டு வாங்கி, ஸ்டடி ஷீட்டுகளின் தலையில் அளந்தவர்கள் பெயர் எழுதியிருக்கும் கட்டத்தைப் பாருங்கள். அதில் உங்கள் பெயர் இருந்தால் இந்த வாரமே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த ஸ்டடி எந்தத் தேதியில் என்று அங்கேயே கேட்டுக்கொண்டு வாருங்கள்.